வாடிக்கையாளருக்கு நன்றி விருந்து: சிறு தொழில் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் சின்ன ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மெஷின், ஐந்து வேலையாட்கள். பில் புக், லெட்டர்பேட், பள்ளி டைரி, இனிப்புப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை என்று வருகிற வேலை எல்லாம் செய்கிறோம். எங்களிடம் அச்சடிப்பவர்களை ஒரு மாலை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு நன்றி சொல்லும் வழக்கத்தை 2017-ல் தொடங்கினேன். 2019-ல் ஒரு முறை, 2023-ல் ஒரு முறை நடத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்களும் சக அச்சகத்தாரும் அதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு எல்லாரையும் கூப்பிட்டுப் பொரி, சுண்டல் கொடுக்குறோமே. அப்புறம் எதுக்குத் தனியா ஒரு விருந்து?

ஆயுத பூஜை மெஷினுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் உரிய நாள். அன்று வாடிக்கையாளர் கடையிலும் பூஜை இருக்கும். நம் கடைக்கு வந்தால் நின்றபடியே விபூதி வாங்கிப் பூசி, பொரிப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அன்றைக்கு அவருக்கு இப்படிப் பத்து இடம் இருக்கும். பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வழியே கிடையாது.

விருந்தில் அந்த உட்கார்ந்து பேசுவதுதான் வேண்டும். வேலை கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எங்களுக்குள் நடப்பது விலையும் தேதியும் பற்றிய பேச்சு மட்டுமே. இலை முன்னால் உட்கார்ந்த பிறகுதான், "போன தடவை நம்பரிங்ல ரெண்டு நம்பர் விட்டுப்போச்சு, சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்" என்று ஒருவர் சொல்வார். அதைக் கேட்கத்தான் நான் செலவு செய்கிறேன்.

உங்கள் தொழிலில் ஒருமுறை வந்தவர் திரும்பி வருவது அபூர்வம் என்றால் இந்த விருந்து தேவையில்லை. எங்களிடமே கல்யாணப் பத்திரிகை மட்டும் அடித்துக்கொண்டு போனவர்களை நான் கூப்பிடுவதில்லை.

எங்கிட்ட நூத்தம்பது பேருக்குக் கணக்கு இருக்கு. யாரைக் கூப்பிடுறது, யாரை விடுறது?

2023-ல் டேலியில் எங்களிடம் 142 பெயர் இருந்தது. இரண்டு வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வேலை கொடுத்தவர்களை மட்டும் எடுத்ததும் 61 ஆகியது. அறுபது பேர் உட்காரும் இடத்தில், ஒரு கணக்குக்கு இரண்டு பேர் வரக்கூடும் என்பதை வைத்துப் பார்த்தால் அதுவும் அதிகம். நாற்பது கணக்குக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்தக் குறைப்பை விற்பனைத் தொகையை வைத்துச் செய்ய வேண்டாம் என்பதுதான் நான் அழுத்திச் சொல்லும் விஷயம். மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி முதல் நாற்பதை வெட்டி எடுப்பது சுலபம். அப்படி எடுத்திருந்தால் எங்கள் பட்டியலில் 53-ஆவது இடத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் விட்டுப்போயிருப்பார். அவர் வருடத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்குப் பில் புக் அடிப்பார், அவ்வளவுதான். ஆனால் எங்களிடம் இப்போது வரும் மற்ற நான்கு மருந்துக்கடைகளும் அவர் சொல்லி வந்தவைதான். தொகையில் அவர் கடைசி, எங்களுக்கு அவர் முதல் வரிசை.

அதனால் 61 பெயரையும் தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் மூன்றே விஷயம் பார்த்தேன். இவர் நாளைக்கு வேறு அச்சகம் போனால் எனக்கு மனது கஷ்டப்படுமா? இவர் யாரையாவது அனுப்பி வைத்திருக்கிறாரா? எங்கள் தவறு ஒன்றைப் பொறுத்துக்கொண்டு எங்களிடமே தொடர்ந்திருக்கிறாரா? ஒன்றுக்காவது ஆமாம் என்று வந்தால் பெயர் நிற்கும். மூன்றுக்கும் இல்லை என்றால், தொகை பெரிதாக இருந்தாலும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். இப்படி 38 கணக்கு நின்றது.

பேப்பர் சப்ளையர், இங்க் விற்பனையாளர் போன்றவர்களை அதே மாலையில் சேர்க்க மாட்டேன். அவர்கள் இருந்தால் பேச்சு ரீம் விலைக்குத் திரும்பிவிடும். வாடிக்கையாளர் முன்னால் நம் கொள்முதல் விலை பேசப்படும் நிலை நமக்கு வேண்டாம்.

முதலாளியை மட்டும் கூப்பிட்டாப் போதுமா?

போதாது. நம்மோடு தினமும் பேசுகிறவர் பெரும்பாலும் முதலாளி இல்லை. பள்ளியில் டைரிக்கு மேட்டர் அனுப்புவது அலுவலக அம்மா, இனிப்புக் கடையில் பெட்டிக்குச் சொல்வது மேனேஜர். தாளாளருக்கு மட்டும் அழைப்பு போய், அதை அந்த அம்மாவே மேசை மேல் கொண்டுபோய் வைத்தால் அவர் மனது என்ன பாடுபடும்? 2017-ல் நான் அந்தத் தவறைச் செய்தேன். அடுத்த இரண்டு மாதம் அந்தப் பள்ளியிலிருந்து ப்ரூஃப் திரும்பி வரும்போதெல்லாம் ஒரு விறைப்பு தெரிந்தது.

இருவருக்கும் தனித்தனி உறையில் தனித்தனிப் பெயர் எழுதிக் கொடுங்கள். முதலாளியிடம் முதலில் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன் சார், அவங்கதான் எங்களை வழிநடத்துறாங்க" என்று அவர் காதுபடச் சொல்லிக் கொடுங்கள். முதலாளிக்கும் அதில் பெருமைதான்.

ஒரே தெருவுல போட்டிக் கடைக்காரங்க ரெண்டு பேரும் நம்ம வாடிக்கையாளர். ரெண்டு பேரையும் கூப்பிடலாமா?

கூப்பிடலாம். ஆனால் இருவரிடமும் முன்கூட்டியே "அவங்களும் வர்றாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட வேண்டும். அங்கே வந்து பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் வருத்தம் வரும். பந்தியில் நேர் எதிரே உட்கார வைக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், விருந்தை நம் கடையிலேயே வைக்காமல் இருப்பது. முதல் முறை செலவைக் குறைக்க அச்சகத்திலேயே வைத்தேன். மெஷினைத் துணி போட்டு மூடினோம், தரையைக் கழுவினோம். கட்டிங் மேசையின் கீழ்த் தட்டை யாரும் பார்க்கவில்லை. ஒரு இனிப்புக் கடைக்காரர் கை கழுவப் போகிற வழியில் குனிந்து, அங்கிருந்த ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்துத் தெருக் கடையின் தீபாவளிப் பெட்டிக்கு அடித்த மாதிரி அது, வெளியே வர இன்னும் ஆறு வாரம் இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே அந்த இன்னொரு கடைக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெட்டியின் நிறத்தை மாற்றிக்கொண்டார், ப்ளேட் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். தையல்கடை, நகைப் பட்டறை, கணக்கு அலுவலகம் எதுவானாலும் இதே ஆபத்து உண்டு. ஒருவர் வேலை இன்னொருவர் கண்ணில் படும் இடத்தில் விருந்து வைக்காதீர்கள். 2019-லிருந்து ஒரு சின்ன ஹாலை வாடகைக்கு எடுக்கிறேன்.

பாக்கி வச்சிருக்கிறவரைக் கூப்பிட்டா, வசூலுக்குக் கூப்பிடுறோம்னு நினைக்க மாட்டாரா?

பாக்கியில் இரண்டு வகை. வழக்கமாகவே மூன்று மாதம் தள்ளிக் கொடுப்பவர், ஆனால் கொடுத்துவிடுவார். அவரைத் தயங்காமல் கூப்பிடுங்கள். அழைப்பு கொடுக்கப் போகும் நாளில் பாக்கியைப் பற்றிப் பேசக் கூடாது. விருந்துக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் யாருக்கும் வசூல் போன் போகக் கூடாது என்று கணக்குப் பையனிடம் சொல்லிவிடுவேன். அவசரமாகப் பணம் வேண்டுமென்றால் அதற்கு முன்பே கேட்டு முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது வகை, வேலை சரியில்லை என்று சொல்லிப் பணத்தை நிறுத்தி வைத்திருப்பவர். அவரிடம் அழைப்பை நீட்டினால், புண்ணை ஆற்றாமல் பூச்சூட்டுவது போல இருக்கும். முதலில் போய் உட்கார்ந்து அந்தத் தகராறைத் தீருங்கள். தீர்ந்துவிட்டால் கூப்பிடுங்கள், தீராவிட்டால் இந்த முறை வேண்டாம்.

எந்த மாசம், எந்தக் கிழமை நல்லது?

நமக்கு வேலை குறைவாகவும் வருகிறவர்களுக்கும் ஓய்வாகவும் இருக்கும் நாள். எங்களுக்கு ஆடி மாதம் பொருந்துகிறது. கல்யாணப் பத்திரிகை வேலை இருக்காது, பள்ளி டைரி முடிந்திருக்கும், காலண்டர் வேலை இன்னும் தொடங்கியிருக்காது. உங்கள் வாடிக்கையாளர்கள் ஜவுளிக் கடைக்காரர்கள் என்றால் ஆடித் தள்ளுபடியில் மூழ்கிக் கிடப்பார்கள், அந்த மாதத்தைத் தொடாதீர்கள்.

கிழமையில் ஞாயிறு வேண்டாம் என்பேன். கடைக்காரர்களுக்கு ஞாயிறு மாலைதான் வியாபாரம். போதாததற்கு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம், அதில் வீட்டை விட்டுக் கிளம்ப விரும்பாதவர்கள் பலர். ஆடிச் செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்குக் கோயில். புதன் அல்லது வியாழன் மாலை ஏழு மணி எங்களுக்குச் சரியாக வந்தது.

அழைப்பிதழ்ல என்ன எழுதுறது? கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆயிடுதே.

அச்சகக்காரன் என்பதால் எனக்கு இந்தக் கேள்விமேல் தனிப் பிரியம். ஒரு நாளைக்குப் பத்து அழைப்பிதழ் என் கையால் போகிறது. 2017-ல் நான் எழுதிய வாசகம் இது:

"எமது நிறுவனத்தின் தொடர் வளர்ச்சியில் பெரும் பங்கு வகிக்கும் வாடிக்கையாளப் பெருமக்கள் அனைவரும் தங்கள் குடும்பத்தாருடன் வருகை தந்து விழாவினைச் சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இது யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். அனைவருக்கும் எழுதியதால் ஒருவருக்கும் எழுதியதாகத் தெரியவில்லை. பேச்சு முழுக்க எங்கள் வளர்ச்சியைப் பற்றி இருக்கிறது. "வருகை தந்து சிறப்பிக்குமாறு" என்ற சொல் விசேஷ வீட்டுச் சொல். அதைப் படித்துவிட்டு ஆறு பேர் மொய்க் கவரோடு வந்தார்கள். கவரைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. நன்றி சொல்லக் கூப்பிட்டு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்ட கதையாகிவிட்டது.

2023-ல் அந்த மருந்துக்கடைக்காரருக்கு எழுதியது இது:

"அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.
2011-லிருந்து உங்கள் கடைப் பில் புக்கை நாங்கள் அடித்து வருகிறோம். நீங்கள் சொல்லி எங்களிடம் வந்தவர்கள் நான்கு கடைக்காரர்கள். அதற்கு நேரில் நன்றி சொன்னதில்லை. வருகிற புதன்கிழமை மாலை 7 மணிக்கு எங்களோடு சாப்பிட வாருங்கள். அண்ணியையும் கூட்டி வாருங்கள். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவோம். விற்பனைப் பேச்சு எதுவும் இருக்காது. பரிசு, கவர் எதுவும் கொண்டுவர வேண்டாம்."

முதல் இரண்டு வரியும் ஆளுக்கு ஆள் மாறும், மீதி எல்லோருக்கும் ஒன்றுதான். 38 கணக்குக்கும் அந்த இரண்டு வரியை எழுத இரண்டு ராத்திரி ஆயிற்று. எழுத ஒன்றும் தோன்றாத பெயர் வந்தால், அவரை ஏன் பட்டியலில் வைத்தோம் என்று திரும்ப யோசித்தேன். மூன்று பெயர்களை அப்படி எடுத்துவிட்டு, விட்டுப்போன மூன்று பேரைச் சேர்த்தேன்.

முடியும் நேரத்தை எழுதுவது முக்கியம். கடையைப் பூட்டிவிட்டு வருகிறவருக்கு எப்போது வீடு திரும்பலாம் என்று தெரிய வேண்டும். "அன்பளிப்பு தவிர்க்கவும்" என்று சுருக்கமாகப் போட்டால் சம்பிரதாயத்துக்குப் போட்டதாக நினைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். பேசுகிற மாதிரி எழுதினால்தான் நம்புகிறார்கள்.

பெயரையும் இனிஷியலையும் இரண்டு பேர் ப்ரூஃப் பார்க்க வேண்டும். அழைக்கும் முறையும் ஆளுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். நேரில் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவருக்கு அழைப்பில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதினால் திடீரென்று தள்ளி உட்கார்ந்தது போல இருக்கும். பாய் என்று கூப்பிடுகிறவரை அப்படியே எழுதலாம். தாளாளருக்கு ஐயாவோ அம்மாவோ, தினமும் எப்படிக் கூப்பிடுகிறோமோ அப்படியே.

வாட்ஸ்அப்பில் அனுப்பினாப் போதாதா? நேர்ல போக நேரம் இல்லை.

முதலில் வாட்ஸ்அப்பில் போனால் அது அழைப்பு இல்லை, தகவல். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அனுப்பிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவர் கூப்பிடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

உள்ளூரில் இருப்பவர்களுக்கு இரண்டு வாரம் முன்னால் நேரில் போய்க் கொடுங்கள். டெலிவரிக்குப் போகும் வழியிலேயே பாதியை முடித்துவிடலாம். ஆனால் பையன் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். வெளியூர்க்காரர்களுக்குப் போனில் பேசிவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பலாம்.

இரண்டு நாள் முன்னால் ஒரு போன். "வர்றீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "கண்டிப்பா" என்பார்கள், முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? "சமையல்காரர்ட்ட எண்ணிக்கை சொல்லணும் அண்ணாச்சி, ஒரு இலையா ரெண்டு இலையா?" என்று கேளுங்கள். உண்மையான பதில் அப்போதுதான் வரும். "பார்க்கிறேன்ப்பா" என்றால் அநேகமாக வர மாட்டார். "முயற்சி பண்றேன்" என்றால் நிச்சயம் வர மாட்டார். அதற்கு வற்புறுத்தாமல் "சௌகரியப்பட்டா வாங்க" என்று விட்டுவிடுங்கள். எங்களுக்கு 46 இலை என்று கணக்கு வந்தது, சமையலுக்கு 42 சொன்னேன், வந்தவர்கள் 37 பேர்.

அன்னைக்கு மேடை, மைக், பேச்சு எல்லாம் வேணுமா?

மைக் வேண்டாம். ஏழே காலுக்கு நான் எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசினேன். எங்கள் பைண்டரையும் மெஷின் மேனையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினேன், அவர்களை வாடிக்கையாளர் பார்த்ததே இல்லை. அதன் பிறகு சாப்பாடுதான். எல்லோருக்கும் பொருந்தும்படி சைவம், ஒரு இனிப்பு, ஒரு பொரியலைக் குறைத்தாலும் நல்ல காபி.

வேலை செய்கிறவர்களைப் பரிமாற நிறுத்தாதீர்கள். அவர்களும் வாடிக்கையாளர் பக்கத்தில் இலை போட்டு உட்காரட்டும். பைண்டரிடம் சொல்லும் குறையை முதலாளியிடம் சொல்ல மாட்டார்கள்.

யாராவது சாப்பாட்டு நடுவில் புதுப் பெட்டிக்கு விலை கேட்டால், "நாளைக்குக் கடைக்கே வர்றேன் சார்" என்று சொல்லுங்கள். விற்பனைப் பேச்சு இல்லை என்று எழுதிவிட்டோம். அவராகக் கேட்டாலும் பக்கத்து இலைக்காரருக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

பரிசு கொடுக்கணுமா? வரியில இதையெல்லாம் காட்டலாமா?

பெரிய பரிசு வேண்டாம். நாங்கள் 48 பக்கத்தில் சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டுப் புத்தகம் அடித்து, அட்டையில் அவரவர் பெயரைப் போட்டுக் கொடுத்தோம். எங்கள் கடைப் பெயர் கடைசி அட்டையில் சின்னதாக இருந்தது. அரசுப் பள்ளி, வங்கி, பெரிய கம்பெனியின் கொள்முதல் பிரிவு போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்களுக்குப் பரிசு என்று எதையும் நீட்டாதீர்கள். அவர்களுக்கு விதிமுறை இருக்கும், நம் பிரியம் அவர்களுக்குத் தலைவலியாகிவிடும்.

செலவுக்குக் கடைப் பெயரில் பில் வாங்கி வைத்தால் தொழில் செலவாகக் காட்டலாம். ஆனால் சாப்பாட்டுக்கும் இலவசமாகக் கொடுக்கும் பரிசுப் பொருளுக்கும் கட்டிய ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. மீதியை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்து முடிஞ்சாச்சு. அடுத்து என்ன செய்யணும்?

உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. பலர் ஹால் சாவியைக் கொடுத்ததோடு முடித்துவிடுகிறார்கள், அதனால்தான் செலவு வீணாகிறது.

அன்று இரவு வீட்டுக்குப் போய்ப் படுப்பதற்கு முன் நானும் மனைவியும் எங்கள் பைண்டரும் உட்கார்ந்து, காதில் விழுந்ததை எல்லாம் எழுதினோம். வெட்டி மிஞ்சிய ஆர்ட் போர்டு துண்டு எங்களிடம் நிறைய இருக்கும், ஒரு விஷயத்துக்கு ஒரு அட்டை. மறுநாள் காலை எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும், யார் சொன்னது என்பதும் மாறிப்போகும். பதினொரு அட்டை சேர்ந்தது. நாங்கள் வாய்விட்டுச் சொன்ன வாக்கு, அவர்கள் சொன்ன குறை, அவர்கள் வீட்டுச் செய்தி என்று மூன்றாகப் பிரித்தேன்.

மறுநாள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி அனுப்பினேன். எல்லோருக்கும் ஒரே படம் அனுப்பவில்லை. "நேத்து நீங்க சொன்ன நம்பரிங் விஷயத்தைக் குறிச்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி, இந்த வாரம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்ற மாதிரி. நன்றியும் அதிலேயே இருக்கிறது.

அட்டைகளில் ஒன்றை மட்டும் முழுவதும் சொல்கிறேன். பள்ளி அலுவலக அம்மா பைண்டரிடம் சொன்னது: "டைரி வருஷா வருஷம் ஜூன் கடைசியிலதான் வருது, பிள்ளைங்களுக்கு ஒரு மாசம் வீணாப்போகுது." எங்களுக்கு இது அதிர்ச்சி. ப்ரூஃப் ஓகே ஆனதிலிருந்து பதின்மூன்று நாளில் கொடுக்கிறோம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோம். பழைய ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். மேட்டர் வந்தது மே 28. ப்ரூஃப் போனது மே 30. தலைமையாசிரியை விடுப்பில் இருந்ததால் ப்ரூஃப் திரும்பியது ஜூன் 12. நாங்கள் கொடுத்தது ஜூன் 25. எங்கள் பக்கம் தாமதம் இல்லை. ஆனால் அவர்களுக்கு எந்தத் தேதிக்குள் எது வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, அது எங்கள் தவறு.

பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். டைரி மே 25-க்குள் பள்ளியில் இருக்க வேண்டும். 1,400 டைரிக்கு பைண்டிங் எட்டு நாள், அச்சு மூன்று நாள், ப்ளேட் ஒரு நாள். இரண்டு சுற்று ப்ரூஃபுக்குப் பத்து நாள். ஆக மேட்டர் மே 3-க்குள் வர வேண்டும், தள்ளிப்போவதற்கும் இடம் வைத்தால் ஏப்ரல் 25. அதற்குள் வேலை நாள் பட்டியலும் ஆசிரியர் பட்டியலும் முடிவாகாது என்று அந்த அம்மா சொன்னார். அதற்கும் வழி இருந்தது. 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றுதான் டைரி அச்சாகிறது. மாறக்கூடிய பக்கங்கள் எல்லாவற்றையும் கடைசி ஃபாரத்தில் போட்டுவிட்டால், மற்றவற்றை முதலில் அடித்து மடித்து வைத்துவிடலாம், கடைசி ஃபாரம் மே 12-க்கு வந்தாலும் போதும்.

விருந்து முடிந்து எட்டாம் நாள் இதை ஒரே பக்கத்தில் அடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். புது ஆர்டர் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாளை அந்த அம்மா தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் டைரி மே 27-ல் போய்ச் சேர்ந்தது.

வந்தவங்க வீட்டுல கல்யாணம்னு தெரிஞ்சுது. உடனே சாம்பிள் கார்டு எடுத்துட்டுப் போகலாமா?

பந்தியில் "கார்டு பார்க்கணும்" என்று அவரே சொல்லியிருந்தால் போகலாம். வெறும் சந்தோஷச் செய்தியாகச் சொன்னால், வாழ்த்துச் சொல்வதோடு நிறுத்துங்கள். மறுநாள் சாம்பிள் பையோடு போய் நின்றால், சாப்பாடு போட்டு வாயைப் பிடுங்கியதாக ஆகிவிடும். விருந்துக்குப் பிறகு மூன்று வாரம் நாமாகப் போய் எதையும் விற்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

வர்றேன்னு சொல்லிட்டு வராதவங்களை என்ன செய்யறது?

"ஏன் வரலை" என்று கேட்காதீர்கள். அவருக்காக அடித்த நோட்டுப் புத்தகத்தை அடுத்த டெலிவரியோடு வைத்து அனுப்புங்கள். எங்களுக்கு அப்படி எட்டுப் பேர். அதில் மூன்று பேர் அவர்களாகவே போன் செய்து காரணம் சொன்னார்கள், ஒருவர் வீட்டில் அன்று துக்கம் நடந்திருந்தது. நான் முந்திக்கொண்டு கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

போட்டோவை ஃபேஸ்புக்ல போடலாமா?

போட வேண்டாம். நம் வாடிக்கையாளர் யார் யார் என்று ஊரில் இருக்கும் மற்ற அச்சகத்தாருக்கு நாமே பட்டியல் கொடுத்த மாதிரி. தனிப்பட அவரவர் படத்தை அவரவருக்கு அனுப்புங்கள், அவர்களே போட்டுக்கொண்டால் சந்தோஷம்.

இதனால லாபம் வந்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

2023-ல் ஹால் 6,000, சாப்பாடு இலைக்கு 320 வீதம் 13,440, நோட்டுப் புத்தகத் தாளுக்கு 1,500, சில்லறை 1,200, ஆக 22,140 ரூபாய். அடுத்த மூன்று மாத விற்பனையை வைத்து இதை அளக்காதீர்கள். ஆடி முடிந்தால் எங்கள் வேலை எப்படியும் ஏறும், விருந்து வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

நான் பார்ப்பது வேறு. ஆறு மாதம் கழித்து எத்தனை அட்டை முடிந்தது? குறை வந்தால் முன்பு வேலையை நிறுத்திவிட்டுப் போனவர்கள் இப்போது போன் செய்து சொல்கிறார்களா? அந்த வருடம் இரண்டு பேர் இங்க் நிறம் மாறியதற்குக் கோபமாகவே போன் செய்தார்கள். எனக்கு அது நல்ல செய்தி. முன்பெல்லாம் கோபப்படாமலே போய்விடுவார்கள்.

தரமும் தேதியும் கெட்டுக் கிடக்கும் சமயத்தில் விருந்து வைத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். தனித்தனியாக முணுமுணுத்தவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

வருஷா வருஷம் வைக்கலாமா?

பழைய அட்டை எல்லாம் முடிந்த பிறகு அடுத்ததை வைக்கலாம் என்பது என் கணக்கு. பதினொன்றில் ஒன்பது முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டு. ஒன்று இனிப்புக் கடைக்காரர் கேட்ட எண்ணெய் ஊறாத உள்தாள், இன்னும் சரியான விலைக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று மருந்துக்கடை அண்ணாச்சியின் நம்பரிங். பழைய நம்பரிங் மெஷினில் ஒரு சக்கரம் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றிவிட்டு ஒரு பில் புக் அடித்து அவரிடம் காட்ட வேண்டும்.